பணம் வந்ததா, எவ்வளவு வந்தது: கல்லாவில் புதிதாக உட்காருபவருக்கு ஒரு தாள்

கேள்வி: அடுத்த வாரம் எங்கள் கல்லாவுக்கு மூன்று பேர் புதிதாக வருகிறார்கள். கியூஆர் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம். பணம் நிஜமாக வந்ததை எப்படி உறுதி செய்வது, வாடிக்கையாளர் தொகையைத் தப்பாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது, இந்த இரண்டுக்கும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் குறிப்பு வேண்டும். அனுபவமுள்ள யாராவது எழுதித் தர முடியுமா?

பதில்:

முதலில் தாளையே தந்துவிடுகிறேன். அப்படியே அச்சடித்துக் கல்லாவுக்கு உள்பக்கம், உட்காருபவர் கண்ணில் படும்படி ஒட்டிவிடலாம். அதற்குக் கீழே எழுதியிருப்பது உங்களுக்கு. புதியவர்கள் "ஏன் இப்படி?" என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அப்போது சொல்வதற்கு.

> கல்லாவில் இருப்பவருக்கு
>
> வாடிக்கையாளரின் போனில் பச்சை டிக் வந்தால் பணம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஆப்பில் வரவுப் பட்டியலைத் திறந்து, தொகை, நேரம், பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மூன்றையும் பாருங்கள். மூன்றும் சேர்ந்தால் பில்லைக் கொடுங்கள்.
>
> ஸ்பீக்கர் சொன்னது பட்டியலைப் பார்ப்பதற்கான அழைப்பு மட்டுமே.
>
> பட்டியலில் இல்லையா? "கொஞ்சம் இருங்க, எங்க பக்கம் இன்னும் வரலை" என்று சொல்லுங்கள். பட்டியலைப் புதுப்பித்து இரண்டு நிமிடம் பாருங்கள். "இன்னொரு தடவை போடுங்க" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். வராவிட்டால் பில்லை நிறுத்தி வைத்துவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.
>
> குறைவாக வந்திருந்தால் மீதியை மட்டும் வாங்குங்கள். வரவுகளின் பரிவர்த்தனை எண்களையும் பில்லில் எழுதுங்கள்.
>
> அதிகமாக வந்திருந்தால் கல்லாவிலிருந்து ரொக்கம் எடுத்துக் கொடுக்காதீர்கள். வேறு எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். வந்த அதே வரவைத் திறந்து, அதிலிருந்துதான் ரீஃபண்ட் போக வேண்டும். அதைப் பொறுப்பாளர் செய்வார்.
>
> பணம் வாங்குவதற்கு நாம் ரகசிய எண் எதையும் அழுத்தத் தேவையில்லை. யாராவது அழுத்தச் சொன்னால் போனைக் கீழே வையுங்கள்.
>
> பொறுப்பாளர் எண்: ____________

இனி விளக்கம்.

வாடிக்கையாளரின் திரையை நம்பாதே என்றால், புதியவர்கள் அதை "வாடிக்கையாளரைத் திருடனாக நினை" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்புறம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு "எங்க, காட்டுங்க" என்று கேட்டுச் சண்டை வளர்க்கிறார்கள். விஷயம் அதுவல்ல. அந்தத் திரை பொய் சொல்ல, வாடிக்கையாளர் பொய் சொல்ல வேண்டியதில்லை. என் கல்லாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தினமும் ஒரே தொகைக்கு வாங்குகிற ஒருவர் போனைத் திருப்பிக் காட்டினார். கடை பெயர் சரி, தொகை சரி, டிக் சரி. பட்டியலில் மட்டும் இல்லை. மறுபடி அவர் போனைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது முந்தின நாளின் ரசீது. இன்று கட்டும்போது நெட் நின்று போயிருந்தது, அவர் ஆப்பைத் திரும்பத் திறந்ததும் மேலே இருந்த பழைய ரசீதைத் தொட்டிருக்கிறார். அவருக்கே அது தெரியாது. நான் பட்டியலைப் பார்க்காமல் விட்டிருந்தால் யார் மேலும் தப்பில்லாமல் ஒரு பில் போயிருக்கும்.

ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்தான். பணம் கட்டும் ஆப் போலவே தோற்றமளித்து, கடை பெயரையும் தொகையையும் தட்டினால் டிக் போட்டு, சத்தமும் எழுப்பும் போலி ஆப்கள் புழங்குகின்றன. நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டில் தேதியை மட்டும் மாற்றிக் காட்டுகிறவர் உண்டு. கடைக்கு வரும் குறுஞ்செய்தியைக்கூட வங்கி அனுப்பியது போலவே வேறு யாரும் அனுப்பிவிடலாம். இதில் எது நிஜம், எது போலி என்று கண்ணால் பிரித்தறியக் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். எழுத்துரு சரியில்லை, பச்சை கொஞ்சம் வெளிறியிருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால், அடுத்த மாதம் அதைவிடச் சரியான போலி வரும். வாடிக்கையாளரின் திரையைச் சாட்சியாகவே எடுக்காவிட்டால் அது போலியா இல்லையா என்ற கேள்வியே எழாது. அதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான், பரிவர்த்தனை எண். அதிலும் கடைசி நான்கு இலக்கம் போதும்.

அந்த எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது, புதியவர்கள் முதல் வாரத்திலேயே அதில் மாட்டுவார்கள். ஒரே பரிவர்த்தனைக்கு ஆப்புகள் இரண்டு மூன்று எண்களைக் காட்டும். ஒன்று அந்த ஆப் தனக்காக வைத்துக்கொள்ளும் எண், இன்னொன்று வங்கிகளுக்கிடையே ஓடும் எண். முதலாவது கட்டுகிறவரின் ஆப்பில் மட்டும்தான் இருக்கும், கடையின் ஆப்பில் தேடினால் கிடைக்காது. இரண்டாவது இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். எது எது என்று வாயால் விளக்குவதைவிட, பயிற்சி நாளில் மூன்று பேரையும் தங்கள் போனிலிருந்து கடைக்கு மிகச் சிறிய தொகை ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒத்துப்போகிற எண்ணை விரலால் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. மூன்று பேரும் வெவ்வேறு ஆப் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஸ்பீக்கர் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லாக்காரர்கள் கண்ணைவிடக் காதைத்தான் அதிகம் நம்புகிறார்கள். பெட்டி சொல்வது தொகையை மட்டும். யார் கட்டியது என்று அதற்குத் தெரியாது. கூட்ட நேரத்தில் இரண்டு பேர் ஒரே தொகைக்குப் பில் போட்டு, இருவரும் ஸ்கேன் செய்து, ஒருவருடையது மட்டும் வந்திருந்தால், அறிவிப்பைக் கேட்டு இருவருமே தலையை ஆட்டிவிட்டுக் கிளம்புவார்கள். இருவரும் தங்கள் பணம்தான் அது என்று உண்மையாகவே நம்புவார்கள். நெட் மெதுவாக இருந்தால் முன்னால் போனவருடைய அறிவிப்பு அடுத்தவர் நிற்கும்போது வரும். இரண்டு கல்லாவுக்கு ஒரே கியூஆர் வைத்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். முடிந்தால் கல்லாவுக்கு ஒரு கியூஆர் என்று பிரித்துவிடுங்கள். முடியாவிட்டால் கடைசி நான்கு இலக்கம்தான் கைகொடுக்கும்.

காலையில் கல்லா திறந்ததும் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அது தாளில் இல்லை, ஏனென்றால் அதைப் பொறுப்பாளர் செய்வதுதான் சரி. கியூஆர் அட்டையின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கியூஆர் சதுரத்தின் விளிம்பில் நகம் தட்டினால் மேலே வேறு ஸ்டிக்கர் இருக்கிறது. கடைக்காரரின் கியூஆர் மேல் தங்களுடையதை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு பல நாடுகளில் நடந்திருக்கிறது. இதில் வாடிக்கையாளர் சரியான தொகையைத்தான் கட்டியிருப்பார், அவர் திரையும் நிஜம், பணம் மட்டும் வேறு யாருக்கோ போயிருக்கும். நகத்துக்கு அப்புறம், சொந்தப் போனால் ஸ்கேன் செய்து, வருகிற பெயர் நம்முடையதுதானா என்று படித்துவிட்டு மூடிவிடலாம்.

சரி, இப்போது தப்பான தொகைக்கு வருவோம். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கையாள்வது சுலபம்.

அட்டையில் அச்சடித்த கியூஆரில் தொகை கிடையாது. அதில் இருப்பது யாருக்குப் போக வேண்டும் என்பது மட்டும். தொகையை வாடிக்கையாளர் தன் விரலால் தட்டுகிறார். பில்லுக்கு ஏற்ப எந்திரத்தின் திரையில் புதிதாகத் தோன்றும் கியூஆரில் தொகை உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கிரெடிட், டெபிட் கார்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இ.எம்.வி.கோ அமைப்பு 2017-இல் வெளியிட்ட விதிமுறையைப் பல நாடுகளின் கடை கியூஆர்கள் பின்பற்றுகின்றன. அதன்படி அந்தச் சதுரத்துக்குள் இருப்பது வெறும் எழுத்து வரிதான். அதிலிருந்து இரண்டு துண்டுகள் இப்படி இருக்கும்:

```
010212
5406480.00
```

முதல் துண்டில் 01 என்பது புலத்தின் எண், 02 என்பது அடுத்து வரும் மதிப்பின் நீளம், 12 என்பது "இந்தக் கியூஆர் இந்த ஒரு பில்லுக்கானது" என்ற குறி. ஒட்டிவைக்கும் அட்டையில் அந்த இடத்தில் 11 இருக்கும். இரண்டாவது துண்டில் 54 தொகைக்கான புலம், 06 நீளம், 480.00 தொகை. ஒட்டிவைக்கும் அட்டையில் பொதுவாக 54 என்ற புலமே இருக்காது, அதனால்தான் ஆப் வாடிக்கையாளரிடம் தொகையைக் கேட்கிறது. எல்லா நாட்டுக் கியூஆரும் இதே வரிவடிவில் இருக்காது, ஆனால் தொகை உள்ளே இருக்கிறதா இல்லையா என்ற வேறுபாடு எங்கும் ஒன்றுதான். இதையெல்லாம் கல்லாக்காரர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தப்பு யார் விரலில் நடக்கக்கூடும் என்று தெரிந்தால் போதும். ஒட்டிவைத்த அட்டையில் வாடிக்கையாளர் விரல், திரைக் கியூஆரில் நம் விரல்.

திரைக் கியூஆரில் தப்பே வராது என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் நின்றவர் மனம் மாறி ரொக்கம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார், அவருடைய கியூஆர் திரையிலேயே நிற்கும். அடுத்தவர் பில் போடுவதற்குள் அவசரமாக அதை ஸ்கேன் செய்துவிடுவார். தொகை தானாக வந்துவிடுவதால் அவர் அதைப் படிக்கக்கூட மாட்டார். அதனால் ரொக்கத்துக்கு மாறினால் முதலில் திரையை ரத்து செய்துவிட்டுத்தான் காசை எண்ண வேண்டும். ஒட்டிவைத்த அட்டை என்றால், ஸ்கேன் செய்யும்போதே தொகையை உரக்கச் சொல்வது பாதித் தப்புகளை வாசலிலேயே நிறுத்திவிடும். "நானூத்தி எண்பது, நாலு எட்டு சைபர்" என்று இலக்கம் இலக்கமாக. கேட்கிறவருக்கு முதலில் வேடிக்கையாக இருக்கும், பழகிவிடும்.

குறைவாக வந்தால் பெரிய சிரமமில்லை. 480-க்கு 48 வந்திருக்கிறது என்று வையுங்கள், ஒரு சைபர் விட்டுப்போயிற்று. அந்த 48-ஐ ரத்து செய்து மறுபடி 480 வாங்க வேண்டாம். ரத்து செய்தால் அது திரும்பப் போய்ச் சேரும் வரை வாடிக்கையாளருக்கு ஒரு கவலை, நமக்கு ஒரு கணக்கு. மீதி 432-ஐ ரொக்கமாகவோ இன்னொரு ஸ்கேனாகவோ வாங்கிக்கொண்டு, பில்லை இரண்டு வரவாகப் பிரித்துப் போடுங்கள். மீதி எவ்வளவு என்று வாடிக்கையாளரைக் கணக்குப் போடச் சொல்லாமல் நீங்களே சொல்லுங்கள், அவசரத்தில் அவர் மறுபடி முழுத் தொகையையும் போட்டுவிடுவார்.

அதிகமாக வந்ததுதான் யோசிக்க வேண்டிய இடம். அதே 480 பில். மாலை 6:42. வாடிக்கையாளர் ஒரு சைபர் கூடத் தட்டி 4,800 போட்டுவிட்டார். ஸ்பீக்கர் நாலாயிரத்து எண்ணூறு என்கிறது, அவருக்கு முகம் மாறிவிட்டது. "மீதியைக் கையில குடுத்துடுங்களேன், கல்லாவுல இருக்குமில்ல?" என்கிறார். கேட்பது நியாயம்தானே, அவர் பணம்தானே என்று கல்லாக்காரர் கை பெட்டிக்குப் போகும். இங்கேதான் நிறுத்த வேண்டும்.

ரொக்கமாக 4,320 கொடுத்தால் இரவுக் கணக்கில் என்ன தெரியும்? ரொக்கத்தில் 4,320 குறைவு, ஸ்கேன் வரவில் 4,320 அதிகம். கூட்டிப் பார்த்தால் சமன். அதனால் பலர் "கணக்கு நேராகிவிட்டதே, இதில் என்ன?" என்பார்கள். ஆனால் அந்த 4,800 ஒரு திருடப்பட்ட கணக்கிலிருந்தோ அட்டையிலிருந்தோ வந்திருந்தால், உரிமையாளர் சில நாளில் வங்கியில் புகார் செய்வார். வங்கி 4,800-ஐயும் நிறுத்திவைக்கலாம், திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது கடைக்கு நஷ்டம் 480-க்கான சரக்கும், ரொக்கமாகப் போன 4,320-உம். வேண்டுமென்றே அதிகம் கட்டி மீதியை ரொக்கமாக வாங்கிப் போவது பழைய மோசடி, காசோலைக் காலத்திலிருந்தே இருக்கிறது. "இந்த எண்ணுக்குத் திருப்பிப் போடுங்க, அது என் தம்பியோடது" என்பதும் அதே வகை. எதிரே நிற்பவர் நல்லவராகவே இருக்கலாம், பெரும்பாலும் நல்லவர்தான். ஆனால் நல்லவருக்கும் மற்றவருக்கும் ஒரே வழியை வைத்திருந்தால்தான் கல்லாக்காரர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்காது.

அந்த ஒரே வழி இது. பொறுப்பாளர் வரவுப் பட்டியலில் 6:42-க்கு வந்த 4,800-ஐத் திறக்கிறார். அதற்குள்ளேயே இருக்கும் ரீஃபண்ட் பொத்தானில் 4,320 என்று பகுதித் தொகையைப் போடுகிறார். அது வந்த கணக்குக்கே திரும்பிப் போகும், வேறு எண் எதையும் நாம் தட்டுவதில்லை. ரீஃபண்டுக்கென்று ஒரு தனி எண் வரும். அதை பில்லின் மேல் எழுதி, வாடிக்கையாளரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பில் 480-க்கே இருக்கும், அதில் கை வைப்பதில்லை. இந்த வரிசையில் செய்தால் மூன்று மாதம் கழித்து யார் கேட்டாலும் ஒரே வரவுக்குக் கீழே எல்லாம் தெரியும்.

வாடிக்கையாளரிடம் சொல்லும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். "அனுப்பிட்டோம்" என்றால் அவர் உடனே தன் இருப்பைப் பார்ப்பார், இருக்காது, பதற்றமாகிவிடும். சில சேவைகளில் ரீஃபண்ட் நிமிடத்தில் போகும், சிலவற்றில் சில வேலை நாட்கள் ஆகும். உங்கள் சேவையில் எவ்வளவு நாள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, "இங்கிருந்து போட்டாச்சு, இத்தனை நாளில் உங்க கணக்குல வரும், இதோ எண்" என்று சொல்லுங்கள். எண் கையில் இருந்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

எல்லா ஆப்பிலும் பகுதி ரீஃபண்ட் இருக்காது. முழுத் தொகையைத்தான் திருப்ப முடியும் என்றால் வரிசையை யோசிக்க வேண்டியிருக்கும். முதலில் 4,800-ஐத் திருப்பிவிட்டால் கையில் ஒன்றுமில்லாமல் சரக்கு மேசையில் நிற்கும். முதலில் 480-ஐ வாங்கிவிட்டு அப்புறம் திருப்பலாம் என்றால், 4,800 போனதில் அவர் கணக்கு காலியாகியிருக்கலாம். நான் செய்வது: 480-ஐ ரொக்கமாகவோ வேறு கணக்கிலிருந்தோ கட்ட முடியுமா என்று கேட்பேன். முடிந்தால் அதை வாங்கி, உறுதி செய்து, பிறகு 4,800 முழுதையும் திருப்புவேன். முடியாவிட்டால் சரக்கை எடுத்து வைத்துவிட்டு முழுத் தொகையைத் திருப்பிவிடுவேன், பணம் போய்ச் சேர்ந்ததும் அவர் வந்து வாங்கிக்கொள்ளட்டும். அவருக்கு எரிச்சல்தான், ஆனால் வேறு நேரான வழி எனக்குத் தெரியவில்லை. கடையின் கணக்கில் அன்றைக்குப் போதிய இருப்பு இல்லாவிட்டால் ரீஃபண்ட் நகராமல் போகும் சேவைகளும் உண்டு என்பதைப் பொறுப்பாளர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நேற்று அதிகமாகக் கட்டிவிட்டேன் என்று மறுநாள் வருகிறவருக்கும் இதே கதைதான். எண்ணைக் கேளுங்கள், வரவைத் திறங்கள், அந்த நேரத்துப் பில்லோடு ஒப்பிடுங்கள். ஒன்றை மட்டும் கூடுதலாகப் பாருங்கள்: அந்த வரவின் கீழ் ஏற்கனவே ரீஃபண்ட் போயிருக்கிறதா? காலைப் பணியில் இருந்தவர் கொடுத்ததை மாலைப் பணியில் இருப்பவர் மறுபடி கொடுப்பது நடக்கிற காரியம்.

இரண்டு முறை கட்டப்படுவது பெரும்பாலும் நம் வாயால்தான் வருகிறது. அவர் திரையில் பெண்டிங் என்று சுற்றிக்கொண்டிருக்கும், பின்னால் நான்கு பேர் நிற்பார்கள், நாம் "இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்போம். பெண்டிங் என்றால் முடிவு இன்னும் தெரியவில்லை என்று மட்டுமே அர்த்தம். பத்து நிமிடம் கழித்து முதலாவதும் வந்து சேரலாம், வராமலேயே அவருக்குத் திரும்பியும் போகலாம். அவர் கணக்கில் கழிந்துவிட்டது, நமக்கு வரவில்லை என்ற நிலையைக் கல்லாவில் தீர்க்க முடியாது, அது வங்கிகள் தங்களுக்குள் சரிசெய்துகொள்வது. அவருக்கு அவசரம் என்றால் ரொக்கத்திலோ மறு ஸ்கேனிலோ கட்ட விரும்புகிறாரா என்று பொறுப்பாளர் கேட்கலாம். அப்படிச் செய்தால் முதல் முயற்சியின் எண்ணைப் பில்லில் எழுதி, அது பின்னால் வந்தால் திருப்பிவிடுவோம் என்று சொல்லியே வாங்க வேண்டும். எழுதாமல் விட்டால், இரவில் அந்த வரவு யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

இரவில் எது தப்பியது என்று தேடும்போது கணக்கர்களின் பழைய உபாயம் ஒன்று உதவும். ஸ்கேன் வரவுக்கும் பில் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், சைபர் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது அல்லது இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன என்று சந்தேகப்படலாம். ஒரு சைபர் தப்பு என்றால், வகுத்து வருவது இரண்டு தொகைகளில் சிறியதாகவே இருக்கும். 4,320-ஐ 9-ஆல் வகுத்தால் 480, அந்தப் பில்லைத் தேடினால் போதும். 432-ஐ வகுத்தால் 48, குறைவாக வந்த வரவு அது. 480-ஐ 840 என்று தட்டியிருந்தால் வித்தியாசம் 360, அதுவும் 9-ஆல் வகுபடும், ஆனால் வகுத்து வரும் 40 என்ற தொகையில் பில்லும் இருக்காது, வரவும் இருக்காது. அப்போது இலக்கம் மாறிய பில்லைத் தேட வேண்டும். அன்றைக்கு ஒரே ஒரு தப்புதான் நடந்திருந்தால் இது நன்றாக வேலை செய்யும். இரண்டு மூன்று தப்புகள் கலந்துவிட்டால் ஒன்றும் தெரியாது, பட்டியலையும் பில்களையும் நேரத்தின் வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக டிக் போட வேண்டியதுதான்.